தமிழிலிருந்து ஆங்கிலம் போய்த் தமிழுக்கே திரும்பிய கட்டுரை: எது அழிகிறது, எது மிஞ்சுகிறது

"எங்கள் சங்கத்தின் கட்டுரைப் போட்டிக்கு நான் நடுவர். ஏஐ எழுதித் தந்த கட்டுரையை ஆங்கிலத்துக்கு மாற்றி, அதை மறுபடி தமிழாக்கி அனுப்பினால் எந்தக் கருவியாலும் பிடிக்க முடியாது என்று ஒரு மாணவரே என்னிடம் சொன்னார். இது உண்மையா? அப்படிச் செய்த பிறகும் ஏதாவது தடயம் மிஞ்சுமா?"

கருவிகளைப் பொறுத்தவரை அந்த மாணவர் சொன்னது பெரும்பாலும் சரி. படிக்கிற மனிதரைப் பொறுத்தவரை சரியில்லை. இந்தப் போக்குவரத்தில் சொல்தேர்வில் ஒளிந்திருக்கும் தடயங்கள் அழிகின்றன, கட்டுரையின் அமைப்பில் இருப்பவை அப்படியே தங்குகின்றன, போதாததற்குப் புதிதாகச் சில தடயங்களும் வந்து சேர்கின்றன. அந்தக் கடைசி வகை தமிழில் மிகத் தெளிவாகத் தெரியும். மாணவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாததும் அதைத்தான்.

முதலில் அழிவதைச் சொல்லிவிடுகிறேன். ஏஐ மாடல்கள் எழுதும் வாசகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் வைக்கும் முறை ஒன்று உண்டு, வாட்டர்மார்க் என்பார்கள். 2023-ல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் கிர்ஷன்பாவர் குழுவினர் வெளியிட்ட வடிவம்தான் புரிந்துகொள்ள எளிது. மாடல் ஒவ்வொரு டோக்கனையும், அதாவது சொல்லையோ சொல்லின் துண்டையோ, தேர்ந்தெடுக்கும் முன்னால், அதற்கு முந்தைய டோக்கனை வைத்து ஒரு ரகசியக் கணக்குப் போட்டு, சொற்களஞ்சியம் முழுவதையும் பச்சை, சிவப்பு என்று இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. பிறகு பச்சைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து எழுதுகிறது. படிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் அந்தக் கணக்கு தெரிந்தவர் பச்சைகளை எண்ணிப் பார்க்கலாம்.

சரிபாதியாகப் பிரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 200 டோக்கன் உள்ள ஒரு பத்தியில், வாட்டர்மார்க் இல்லாவிட்டால், தற்செயலாகவே 100 பச்சை வரும். தற்செயலில் ஏழு கூடலாம் குறையலாம், அது சகஜம். புள்ளியியலில் அந்த ஏழுதான் ஒரு திட்டவிலக்கம். இப்போது எண்ணிப் பார்த்தால் 140 பச்சை இருக்கிறது என்றால், அது கிட்டத்தட்ட ஆறு திட்டவிலக்கம் தள்ளி நிற்கிறது, மனிதர் எழுதியதில் தற்செயலாக அப்படி வர வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். சரி, அதே பத்தியை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தால்? ஒரு டோக்கனின் நிறம் அதற்கு முந்தைய டோக்கனைப் பொறுத்தது என்பதால், ஒரு சொல் மாறினாலே அதன் நிறமும் அடுத்ததன் நிறமும் கலைந்துவிடும். தமிழில் இது இன்னும் மோசம். ஒரே சொல் திரும்பி வந்தாலும் வேற்றுமை உருபு மாறியிருக்கும், சந்தி மாறியிருக்கும், வினைமுற்று "செய்தனர்" என்று போய் "செய்தார்கள்" என்று வந்திருக்கும், டோக்கன்கள் எல்லாம் வேறாகிவிடும். எண்ணிக்கை 103, 105 என்று தற்செயல் எல்லைக்குள் விழுந்தால் நிரூபிக்க ஒன்றும் இருக்காது.

இது நிறுவனங்களே ஒப்புக்கொண்ட விஷயம். ஓபன்ஏஐ 2024 ஆகஸ்டில் தன் வாட்டர்மார்க் முயற்சியைப் பற்றி எழுதியபோது, அங்கங்கே சொல் மாற்றுவதை அது தாங்கும், மொழிபெயர்ப்புக் கருவி வழியாக மொத்தமாக மாற்றினால் அவ்வளவாகத் தாங்காது என்றது. கூகுளின் வாட்டர்மார்க் முறையான சிந்த்ஐடி பற்றி அவர்களே தரும் விளக்கத்திலும், வேறு மொழிக்கு மாற்றினால் நம்பகம் வெகுவாகக் குறையும் என்ற வரி இருக்கிறது. 2024-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் இன்னொரு வழியைப் பார்த்தார்கள்: மாடலிடம் கேள்வியையே வேறு மொழியில் கேட்டு, பதிலை வேண்டிய மொழிக்கு மாற்றுவது. கண்டறியும் திறன் கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதற்குச் சமமாக இறங்கிவிட்டது. ஒரே பொருளுள்ள சொற்களை மொழி கடந்து ஒரே நிறத்தில் போடலாம் என்று மாற்று வழியும் அவர்களே சொன்னார்கள். ஓரளவு உதவுகிறது, முழுத் தீர்வு இல்லை. அதோடு, வாட்டர்மார்க் இருந்தால்கூட அதைப் படிக்கும் சாவி நிறுவனத்திடம்தான் இருக்கும். ஆகவே உங்கள் போட்டிக்கு இந்த வழி ஆரம்பத்திலேயே அடைபட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இத்தனை சதவீதம் ஏஐ" என்று காட்டும் தளங்கள் வேறு வகை. வாசகம் எவ்வளவு எதிர்பார்த்தபடியே போகிறது என்பதை அவற்றில் பல அளக்கின்றன. அவற்றை ஒதுக்கிவிடுங்கள் என்றே சொல்வேன். பெரும்பாலானவை ஆங்கிலத்துக்காகச் செய்து ஆங்கிலத்தில் சோதிக்கப்பட்டவை. அந்த ஆங்கிலத்திலேயே, 2023-ல் ஸ்டான்ஃபோர்டில் லியாங் குழு ஏழு கருவிகளிடம் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தது. எல்லாமே ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மனிதர்கள் எழுதியவை. சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று அந்தக் கருவிகள் தவறாகச் சொல்லின. எளிய சொற்களில் நேராக எழுதியதுதான் அவர்கள் செய்த குற்றம். ஒரு பள்ளி மாணவியின் எளிய தமிழுக்கு இந்தக் கருவிகள் என்ன நியாயம் செய்யும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி மிஞ்சுவது. இதற்கு ஒரு சின்னப் பத்தியை எடுத்துக்கொண்டு போவோம். ஊரும் காட்சியும் உதாரணத்துக்காக நான் அமைத்தவை. திரும்பி வரும் வடிவமும் இத்தகைய கருவிகள் வழக்கமாகச் செய்யும் மாற்றங்களை வைத்து அமைத்ததுதான், கருவிக்குக் கருவி கொஞ்சம் மாறும். ஏஐ எழுதித் தந்தது இது:

"மறவன்குளம் கண்மாயை நாங்கள் ஊரே சேர்ந்து தூர்வாரினோம். சித்திதான் முதலில் மண்வெட்டியை எடுத்தாராம். 'நாம் செய்யாமல் யார் செய்வார்கள்?' என்று கேட்டாராம். கண்மாய் வெறும் நீர்நிலை அல்ல. அது ஓர் ஊரின் நினைவு."

ஆங்கிலம் போய்த் திரும்பினால்:

"மரவன்குளம் குளத்தை நாங்கள் ஒரு கிராமமாக இணைந்து தூர்வாரினோம். எனது அத்தை தான் முதலில் மண்வெட்டியை எடுத்ததாகக் கூறப்படுகிறது. 'நாங்கள் அதைச் செய்யவில்லை என்றால், யார் செய்வார்கள்?' என்று அவர் கேட்டார். ஒரு குளம் என்பது வெறும் நீர்நிலை மட்டுமல்ல. அது ஒரு கிராமத்தின் நினைவகம்."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொற்களில் பாதிக்கு மேல் மாறிவிட்டன, வாட்டர்மார்க் இருந்திருந்தால் போயே போச்சு. ஆனால் ஐந்து வாக்கியம் ஐந்தாகவே இருக்கிறது, வரிசையும் அதே. நிகழ்ச்சி, பிறகு ஒருவரின் பேச்சு, பிறகு ஒரு பொன்மொழி. "வெறும் இது அல்ல, அது" என்கிற வார்ப்பும் கொஞ்சம்கூடச் சேதமில்லாமல் திரும்பியிருக்கிறது. மொழிபெயர்ப்பின் வேலையே பொருளைக் காப்பாற்றுவது என்பதால், பொருளின் அடுக்கு அதில் கலையாது. பல கருவிகள் வாக்கியம் வாக்கியமாகத்தான் மாற்றுகின்றன. முழுப் பத்தியையும் ஒன்றாக வாங்கிக்கொள்பவையும் ஐந்தாவது கருத்தை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுபோவதில்லை. எனவே ஒரே அளவுள்ள பத்திகள், மும்மூன்றாக வரும் அடுக்குகள், ஒவ்வொரு பத்தி முடிவிலும் ஒரு சுருக்க வரி, எந்தக் கருத்துக்கும் உடனே ஓர் எதிர்க்கருத்தைச் சொல்லிச் சமன் செய்வது, கடைசியில் நம்பிக்கையூட்டும் ஒரு முடிவுரை, இவை எல்லாம் முழுசாகத் தாண்டி வரும். நட்சத்திரக் குறிகள் இரண்டு போட்டுத் தடித்த எழுத்தாக்கும் வழக்கமும்கூட அழிக்க மறந்தால் அப்படியே வந்து நிற்கும்.

இதைவிட உறுதியானது பொய்த்தகவல். ஏஐ கற்பனை செய்த ஒரு நூலோ, நடக்காத ஒரு மாநாடோ, தப்பான ஓர் ஆண்டோ கட்டுரையில் இருந்தால், எத்தனை மொழி சுற்றி வந்தாலும் அது அப்படியே இருக்கும், எண்களையும் பெயர்களையும் மாற்றக் கூடாது என்பதுதானே மொழிபெயர்ப்பின் விதி. நடுவராக உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை இதற்குச் செலவிடுங்கள். நடையைப் பார்த்து நீங்கள் சொல்வதை யாரும் மறுக்கலாம். இல்லாத நூலை மேற்கோள் காட்டியதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. அது ஏஐயின் பொய்யா அவருடைய பொய்யா என்பதுகூட அங்கே முக்கியமில்லை, கட்டுரை மதிப்பெண் இழக்கும்.

இப்போது புதிதாகச் சேர்பவை. ஆங்கிலத்தில் இடமே இல்லாத சில தகவல்களைத் தமிழ் இலக்கணம் சுமக்கிறது. போகும்போது அவை கீழே விழுகின்றன, திரும்பும்போது கருவி ஊகித்து நிரப்புகிறது. ஊகம் சில இடத்தில் சரியாக வரும், சில இடத்தில் தப்பும். அந்தத் தப்புகள் தமிழ் தெரிந்த மனிதர் செய்யும் தப்புகள்போல இருக்காது, அதுதான் உங்களுக்கு உதவி.

மேலே உள்ள பத்தியில் சித்தி அத்தையாகிவிட்டார். ஆங்கிலத்தில் சித்தி, பெரியம்மா, அத்தை, மாமி எல்லாருக்கும் ஒரே சொல். நீண்ட கட்டுரையில் இது பளிச்சென்று தெரியும்: ஒரு வரியில் "அம்மாவின் தங்கை" என்று விளக்கியிருக்கும், அடுத்த வரியில் அவரை "அத்தை" என்று அழைத்திருக்கும். தமிழ் வீட்டில் வளர்ந்த ஒருவர் எவ்வளவு அவசரத்தில் எழுதினாலும் அம்மாவின் தங்கையை அத்தை என்று எழுதமாட்டார். அக்கா நடுவழியில் தங்கையாவதும், மாமா சித்தப்பாவாவதும் இதே காரணத்தால்தான். அடுத்து "நாம்", "நாங்கள்". பேசுபவர் கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிறாரா இல்லையா என்பதை நாம் யோசிக்காமலே பிரிக்கிறோம், ஆங்கிலம் பிரிப்பதில்லை. சித்தி எதிரே நிற்கும் ஊர்க்காரர்களிடம் "நாங்கள் செய்யவில்லை என்றால்" என்று கேட்டால், அவர்களை ஒதுக்கிவைத்துப் பேசுகிறார் என்று ஆகிவிடுகிறது. கட்டுரை முழுக்க எல்லா "நாம்", "நாங்கள்" இடங்களையும் அடிக்கோடிட்டுப் பாருங்கள், காரணமில்லாமல் இரண்டும் மாறி மாறி வந்தால் கவனிக்க வேண்டியதுதான். உரையாடல் இருந்தால் "நீ", "நீங்கள்" பாருங்கள். பாட்டி பேரனிடம் "நீங்கள்" என்று பேசுவார், நாலு வரி தள்ளி "நீ" என்பார். ஐந்து வயதுப் பையன் "வந்தார்" ஆகிவிடுவான்.

"எடுத்தாராம்" என்பதில் உள்ள "ஆம்" என்ன ஆனது என்று பாருங்கள். கேள்விப்பட்டதைச் சொல்லும் அந்தச் சின்ன ஒட்டு முதல் இடத்தில் "கூறப்படுகிறது" என்று அரசு அறிக்கைபோல வந்திருக்கிறது, இரண்டாம் இடத்தில் காணவே இல்லை. பேச்சின் ஈரமெல்லாம் இப்படிப்பட்ட ஒட்டுகளில்தான் இருக்கிறது, தான், ஏ, ஓ, உம், ஆம் எல்லாம். திரும்பி வந்த வாசகத்தில் இவை மெலிந்துபோய், அவற்றின் இடத்தில் "ஒரு", "மற்றும்", "என்பது", "எனது", "தனது" கூடியிருக்கும்.

பெயர்கள் தனிக் கதை. மறவன்குளம் மரவன்குளம் ஆனதற்குக் காரணம், ரோமன் எழுத்தில் ர, ற இரண்டும் ஒன்றாகிவிடுவது. ல, ள, ந, ன, ண, குறில், நெடில், இவையும் அப்படியே. சென்னை, மதுரை தப்பாது, கருவிக்கு அவை தெரியும். சின்ன ஊர், அதிகம் அறியப்படாத ஆட்பெயர், தெய்வத்தின் பெயர், இவைதான் உடையும். "கண்மாய்" "குளம்" ஆனதையும் கவனியுங்கள். கண்மாய், ஏரி, குளம், ஊருணி, தாங்கல் என்று வட்டாரத்துக்கு ஒரு பெயர் வைத்து வழங்குவதெல்லாம் ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கிவிடும். தென்மாவட்டத்துக் கண்மாய் பற்றிய கட்டுரையில் கண்மாய் என்ற சொல்லே இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் வரும்.

மேற்கோள் இருந்தால் அதை முதலில் பாருங்கள். நீரைப் பற்றிய கட்டுரை என்றால் 20-ஆம் குறள் வராமல் இருக்காது: "நீரின்று அமையாது உலகெனின் யார்யார்க்கும் வானின்று அமையாது ஒழுக்கு". கருவி இதைப் பொருளாக்கி ஆங்கிலத்தில் எழுதும், திரும்பி வரும்போது "நீர் இல்லாமல் உலகம் இயங்க முடியாது என்றால், மழை இல்லாமல் ஒழுக்கமும் இருக்க முடியாது" என்பது மாதிரி ஓர் உரைநடை வரி, மேற்கோள் குறிக்குள், வள்ளுவர் பெயரோடு நிற்கும். ஞாபகத்திலிருந்து எழுதும் மாணவர் குறளில் ஒரு சீரைத் தவறவிடுவார், ஆனால் ஓசை குறளுடையதாகவே இருக்கும். ஏஐ நேராகக் கற்பனை செய்தாலும் குறள் மாதிரி ஏதோ இரண்டடியைத்தான் கட்டும். மேற்கோள் குறிக்குள் முழு உரைநடை வருவது மொழிபெயர்ப்பின் வேலை.

இன்னொரு சோதனை உண்டு, நீங்களே செய்யலாம். சந்தேகமுள்ள கட்டுரையில் ஒரு பத்தியை எடுத்து நீங்களே ஒருமுறை ஆங்கிலம் போய்வர விடுங்கள். மனிதர் எழுதிய வாசகம் முதல் பயணத்தில் நிறைய இழக்கும். ஏற்கெனவே போய்வந்த வாசகத்திடம் இழக்க அவ்வளவு இருக்காது: சித்தி ஏற்கெனவே அத்தை, கண்மாய் ஏற்கெனவே குளம், "ஆம்" ஏற்கெனவே போய்விட்டது, வாக்கியம் ஆங்கிலத்துக்கு வசதியான உருவத்துக்கு வந்துவிட்டது. அதனால் இரண்டாவது பயணத்தில் ஏறக்குறைய அப்படியே திரும்பும். இதையே ஒரு முறையாக்கி 2021-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது, இயந்திர மொழிபெயர்ப்பைக் கண்டுபிடிக்கப் போய்வந்த பிறகுள்ள ஒற்றுமையை அளப்பது அதன் அடிப்படை. நீங்கள் செய்யும்போது ஒரு பத்தியைத் தனியாகப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அதே தலைப்பில் வந்த, உங்களுக்குச் சந்தேகமில்லாத நாலைந்து கட்டுரைகளையும் அதே கருவியில் போய்வர விட்டு, எது எவ்வளவு மாறுகிறது என்று ஒப்பிடுங்கள். அரசாணை நடையில் எழுதுபவரின் வாசகம் இயல்பாகவே குறைவாக மாறும், ஏஐ நேராக எழுதிய தமிழும் அப்படியே. மாணவர் வேறு கருவி பயன்படுத்தியிருந்தாலோ, திரும்பி வந்ததைக் கையால் திருத்தியிருந்தாலோ இந்தச் சோதனை மங்கிவிடும். நன்றாகத் தமிழ் தெரிந்தவர் உட்கார்ந்து சித்தியையும் குறளையும் சரிசெய்துவிட்டால் நான் சொன்ன பாதித் தடயங்கள் போய்விடும். அதற்கும் மேலே மிஞ்சுவது அமைப்பும் பொய்த்தகவலும் மட்டும்தான்.

நடுமொழி எது என்பதும் முக்கியம். தெலுங்கிலும் மலையாளத்திலும் நாம், நாங்கள் வேறுபாடு இருக்கிறது, அவை வழியாக நேராகப் போய்வந்தால் அது பிழைக்கும். இந்தி வழியாகப் போனால் உறவுமுறை ஓரளவு பிழைக்கும், நாம், நாங்கள் வேறுபாடு போகும். ஆனால் பல மொழிபெயர்ப்பு முறைகள் இரண்டு இந்திய மொழிகளுக்கு நடுவிலும் உள்ளே ஆங்கிலத்தைத் தொட்டுத்தான் போய்வந்திருக்கின்றன, அப்படியானால் மலையாளம் வழியாகப் போனாலும் அத்தைதான் வருவார்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். நான் காட்டிய புதிய தடயங்கள் எல்லாம் "இது மொழிபெயர்ப்புக் கருவி வழியாக வந்தது" என்று மட்டுமே காட்டும். ஏஐ எழுதியது என்று காட்டாது. வெளிநாட்டில் ஆங்கிலத்தில் படித்து வளர்ந்த ஒரு பிள்ளை, தானே யோசித்து ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் அனுப்ப வேண்டும் என்ற ஆசையில் கருவியில் போட்டு மாற்றியிருந்தால், அந்தக் கட்டுரையிலும் அத்தைக் குழப்பமும் உடைந்த குறளும் இருக்கும். அந்தப் பிள்ளையைத் திருடன் என்று சொல்லிவிட்டால் அந்த வடுவை எளிதில் ஆற்ற முடியாது. உங்கள் விதிகளில் மொழிபெயர்ப்புக் கருவி கூடாது என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதற்காக யாரையும் நீக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கு விதியை எழுதிக்கொள்ளலாம்.

சந்தேகம் வந்தவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள், குற்றம் சாட்டாமல், கட்டுரையைப் பற்றியே. அந்த அத்தை அம்மா வழியா அப்பா வழியா, ஊர்ப் பெயரை எந்த "ர" போட்டு எழுதுவீர்கள், அந்தக் குறளை முழுசாகச் சொல்லுங்கள், கண்மாயின் மடை எந்தப் பக்கம் என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் யோசித்து எழுதிய பிள்ளை "ஐயோ, அது சித்தி, கருவி மாற்றிவிட்டது" என்று உடனே சொல்லும், அந்த நாளைப் பற்றிக் கட்டுரையில் இல்லாத நாலு விஷயமும் சேர்த்துச் சொல்லும். மற்றவரிடம் கட்டுரையில் உள்ளதைத் தாண்டி எதுவும் இருக்காது.